25 வரவேண்டிய இடத்தில் 7 மி.லி.யிலேயே நிறம் மாறிவிடுகிறது

அவசரக்காரன்: அமிலத்தைக் காரத்தால் தரம் பார்க்கிறேன். அமிலம் 25 மி.லி., 0.1 மோலார். பியூரெட்டில் காரமும் 0.1 மோலார். 25-க்கு அருகில் முடிய வேண்டும். மூன்று முறையும் ஏழு, ஏழரையிலேயே நிறம் மாறிவிடுகிறது. நாளை காலை ஒப்படைக்க வேண்டும், உதவுங்கள்.

கண்ணாடிக்குழாய்: என்ன அமிலம்? என்ன நிறங்காட்டி?

குமிழி: பியூரெட்டின் முனையில் காற்றுக் குமிழி இருந்திருக்கும். எனக்கு ஒரு முறை அதனால்தான் அளவு தவறியது.

மூத்த மாணவன்: குமிழியால் 18 மி.லி. குறையுமா? அதுவும் மூன்று முறை ஒரே மாதிரி? மேலும், குமிழி இருந்தால் அளவு கூடும், குறையாது. கேள்வியை ஒழுங்காகக் கேட்கவே இங்கு பலருக்குத் தெரிவதில்லை.

அவசரக்காரன்: மன்னிக்கவும். அசிட்டிக் அமிலம், சோடியம் ஹைட்ராக்சைடு, மெத்தில் ஆரஞ்சு. போன வாரம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இதே நிறங்காட்டி சரியாக வந்ததே!

கண்ணாடிக்குழாய்: நிறம் ஒரே சொட்டில் மாறியதா?

அவசரக்காரன்: இல்லை. சிவப்பு மெல்ல ஆரஞ்சாகி, பிறகு மஞ்சளானது. எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை.

கண்ணாடிக்குழாய்: அதுதான் விடை. மெத்தில் ஆரஞ்சு பிஎச் 3.1 முதல் 4.4 வரை மாறும். அசிட்டிக் அமிலம் 2.9-இல் தொடங்குகிறது. காரம் சேரச்சேர அது தாங்கல் கரைசலாகி, பிஎச் ஊர்ந்துதான் ஏறும். 4.4-ஐத் தொடும்போது உள்ளே போயிருப்பது 7.6 மி.லி.தான், அமிலத்தில் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். வலிமையான அமிலத்தில் பிஎச் முடிவில் செங்குத்தாகத் தாவுவதால், அந்தத் தாவலில் மெத்தில் ஆரஞ்சும் அகப்பட்டுக்கொண்டது. இங்கே அமிலம் முழுவதும் தீரும் சமானப் புள்ளி பிஎச் 8.7. ஃபீனால்ஃப்தலீன் 8.2-இல் இளஞ்சிவப்பாகத் தொடங்கும், அப்போது 24.99 மி.லி. ஆகியிருக்கும். அடுத்த ஒரு சொட்டில் நிறம் நன்றாகத் தெரியும்.

நடுநிலையாளன்: அமிலமும் காரமும் முழுவதும் தீர்ந்தால் பிஎச் 7 தானே? புரோமோதைமால் நீலம் போடுங்கள்.

மூத்த மாணவன்: அசிட்டேட் அயனி நீரோடு வினைபுரிந்து கரைசலைக் காரமாக்கும். இதுகூடத் தெரியாமல் யோசனை சொல்ல வருகிறார்கள்.

கண்ணாடிக்குழாய்: நடுநிலையாளன் சொல்வதைச் சுத்தமாகத் தள்ளிவிட முடியாது. புரோமோதைமால் நீலம் பிஎச் 6.0-இல் மாறத் தொடங்கும், அதாவது 23.6 மி.லி.யில். பச்சையில் நிறுத்தினால் பிழை. முழு நீலம் வரை காத்திருந்தால் 24.96-க்கு வந்துவிடும். ஆனால் எது முழு நீலம் என்பதில் இரண்டு கண்கள் ஒத்துப்போவது அரிது.

நடுநிலையாளன்: என் கண்ணுக்கு ஒத்துப்போகிறது.

குமிழி: எனக்கு அம்மோனியாவை அமிலத்தால் தரம் பார்க்கும்போது ஃபீனால்ஃப்தலீன் நிறம் முன்கூட்டியே வெளுத்துவிடுகிறது. அதுவும் இதே கதையா?

கண்ணாடிக்குழாய்: திருப்பிப் போட்ட அதே கதை. அங்கே சமானப் புள்ளி 5.3 அருகில். மெத்தில் சிவப்பு பொருந்தும்.

அவசரக்காரன்: ஃபீனால்ஃப்தலீன் போட்டேன். 24.9, 24.9, 25.0. நன்றி. கொஞ்ச நேரத்தில் அந்த நிறம் மங்கிவிடுகிறதே, பரவாயில்லையா?

மூத்த மாணவன்: எவ்வளவு நேரத்தில்?