மெக்கானிக்கல்ல இருந்து டேட்டா அனாலிஸ்ட்: கவர் லெட்டர்ல இந்தப் பத்தி சரியா? அவசரம்

பாம்பன்_காத்து: நாளைக்குக் காலைல அனுப்பணும். 11 இடத்துக்கு அனுப்பியும் பதிலே இல்ல. இங்கிலீஷ்ல எழுதினதோட சாரம் இது: "டேட்டா மேல இருக்கிற தீராத ஆர்வத்தால துறை மாறுறேன். என் அனாலிசிஸால கம்பெனியோட கரண்ட் பில் 30% குறைஞ்சது." எங்க தப்பு?

தொண்டிக்காரன்: என்ன கம்பெனி, எத்தனை வருசம், எப்படிக் குறைஞ்சதுன்னு ஒண்ணுமே சொல்லலையே தம்பி.

எக்செல்_ராஜா: மெக்கானிக்கல்ங்கறத கடைசிக்குத் தள்ளுங்க. முதல் வரிலயே SQL, Power BI போடுங்க. சிவில்ல இருந்து நான் அப்படித்தான் வந்தேன்.

பழைய_ஆள்: "தீராத ஆர்வம்"னு வர்ற லெட்டரை நாங்க ரெண்டாவது வரி படிக்கிறதில்ல. இதெல்லாம் இங்க பழைய இழைல நூறு தடவ சொல்லியாச்சு. தேடிப் படிச்சிட்டு வாங்க.

பாம்பன்_காத்து: மண்டபம் பக்கம் ஐஸ் பிளான்ட், 4 வருசம் மெயின்டனன்ஸ். மணிக்கொருக்க லாக் புக்ல எழுதுற பிரஷரை எல்லாம் எக்செல்ல ஏத்தினேன். கம்ப்ரசர் டிஸ்சார்ஜ் பிரஷர் 180 psiல இருந்து கொஞ்சம் கொஞ்சமா 205க்கு ஏறியிருந்துச்சு. கண்டென்சர் குழாய்ல உப்புப் படிவு. ஏப்ரல் 10 கிளீன் பண்ணோம். மார்ச் பில்லை விட மே பில் 30% கம்மி.

கீழக்கரை_அக்கா: ஏப்ரல் 15ல தடைக்காலம் தொடங்கிருச்சேப்பா! ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கரையில கிடக்கும். ஐஸ் யாரு வாங்குனா? உன் 30ல பெரும்பங்கு கடலுக்குப் போகாத போட்டோட கணக்கு. இன்டர்வியூல நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் உக்காந்திருந்தா போச்சு.

பில்லை விடு. ஒரு கட்டிக்கு எத்தனை யூனிட்னு பாரு. மார்ச்சையும் ஜூலையையும் எடு, ரெண்டும் பிளான்ட் முழுசா ஓடுற மாசம். கூலிங் தண்ணி சூடு ஏறினாலும் பிரஷர் ஏறும், அதனால சூடு ஒண்ணா இருந்த நாளா பொறுக்கு. வர்ற நம்பர் சின்னதா இருந்தாலும் அதையே எழுது. மொத்த பில்லை வச்சு முதல்ல ஏமாந்ததையும் ஒரு வரி எழுது. அந்தக் கம்ப்ரசரைத் தொட்டவனுக்குத்தான் அந்த நம்பர் புரியும், அதனால மெக்கானிக்கலை மறைக்காதே.

தொண்டிக்காரன்: தடைக்காலத்துலயும் நாட்டுப்படகு போகும்லக்கா. ஐஸ் ஓடும்.

பழைய_ஆள்: நாட்டுப்படகு வாங்குற ஐஸும் ஒரு ஐஸா?

தொண்டிக்காரன்: எங்க கரைக்கு வந்து பாத்துட்டுப் பேசுங்க சார்.

எக்செல்_ராஜா: வேலை பத்திப் பேசுறோமா, மீன் பத்தியா?

பாம்பன்_காத்து: இங்க எனக்கு மேல போஸ்ட்டே இல்ல, அதனாலயும்தான் மாறுறேன். அதை எழுதலாமா?

எக்செல்_ராஜா: கூடவே கூடாது. குறை சொல்ற மாதிரி இருக்கும்.

கீழக்கரை_அக்கா: குறை இல்லையே, நடப்புதானே. ஒரே வரில சொல்லிட்டு நகரு.

பாம்பன்_காத்து: கட்டிக்கு 3.4 யூனிட் இருந்தது 3.1. கிட்டத்தட்ட 9%தான். தண்ணி சூடு பாதி நாள் லாக்ல எழுதவே இல்ல, அதையும் சொல்லிட்டேன். ஆர்வத்தை வெட்டியாச்சு. அனுப்பிட்டேன். நன்றிக்கா.

தொண்டிக்காரன்: கட்டி 50 கிலோவா தம்பி?