12க்கும் 24க்கும் நடுவில் கட்டிய வட்டி: சொல் தேவை

கிருஷ்ணகிரி, வணிகக் கணித ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். திங்கட்கிழமை வகுப்பில் பயிற்சித்தாள் கொடுத்தாக வேண்டும், பிள்ளைகள் எல்லாரும் தமிழ் வழி. கணக்கு இதுதான்: ஒரு லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு, மாதம் ஒன்று என 36 சமத் தவணை. தவணைத் தொகை ரூ.3,321.43 வருகிறது. 12ஆம் தவணை கட்டி முடித்ததும் 70,558 ரூபாய் மிச்சம், 24ஆம் தவணை கட்டி முடித்ததும் 37,383. நடுவில் வட்டியாக மட்டும் எவ்வளவு போனது என்பது கேள்வி.

மாதம் மாதமாகப் பட்டியல் போட வேண்டியதில்லை. நடுவில் கட்டியது 12 தவணை, மொத்தம் 39,857. கடன் இறங்கியது 33,175. கழித்தால் 6,682, அதுதான் வட்டி. எனக்கு வேண்டியது இரண்டு சொல். இறங்கிய 33,175க்கு ‘நிலுவை வேறுபாடு’ என்றும், 6,682க்கு ‘தவணையிடை வட்டி’ என்றும் இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லதாக இருந்தால் சொல்லுங்கள்.

பாலக்கோடு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா, வட்டி என்பதையே ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வடமொழி விருத்தியிலிருந்து வந்தது என்பார் உண்டு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடத்தில் பட்டி என்கிறார்கள், தெலுங்கில் வட்டி. ஆனால் சோழர் கல்வெட்டுகளைத் திறந்தால் பொலிசை என்ற சொல் கிடைக்கும். பொலி என்றால் களத்தில் தூற்றிக் குவித்த தவசம், முதலிலிருந்து பொலிந்து வந்தது பொலிசை, எவ்வளவு பொருத்தம்! தவணைக்கும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. தவல் என்றால் குறைதல். கட்டக் கட்டக் கடன் குறைவதால் தவணை என்று ஆகியிருக்கலாம். ஆகவே 6,682க்கு ‘இடைப்பொலிசை’, 33,175க்கு ‘கழிமுதல்’. கழிந்த, கழிகின்ற, கழியும் முதல், மூன்று காலமும் அடங்கிய வினைத்தொகை.

ஓசூர், மகளிர் குழுக் கணக்குகள் பார்ப்பவர்:

ஐயா கோபிக்கக் கூடாது, பொலிசை என்று எழுதினால் எங்கள் குழுவில் ஒருவருக்கும் புரியாது. தவணைக்கு நீங்கள் சொன்ன வேரும் இடிக்கிறது. ‘மூன்று மாதத் தவணை கொடுங்கள்’ என்று கெடு கேட்கிறோமே, அங்கே எது குறைகிறது?

எனக்குப் பெரிய கவலை நிலுவை என்ற சொல்தான். கெலமங்கலம் பக்கம் ஓர் அக்கா ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவர். ஒருநாள் ‘நிலுவை ரூ.70,558’ என்று அச்சடித்த தாள் கைக்கு வந்ததும் பயந்துபோய்ப் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இங்கே நிலுவை என்றால் கெடு தாண்டியும் கட்டாதது என்றுதான் அர்த்தம். இன்னும் கெடு வராத கடனை அந்தச் சொல்லால் சொன்னால் ஆளைத் தவறியவராக்கிவிடுகிறோம். ‘மீதி அசல்’ என்று போடுங்கள். இறங்கியது ‘அசல் இறக்கம்’.

அரூர், கல்லூரி மாணவர்:

மேடம், இதற்கு ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? மொத்த வட்டி 19,572. மூன்றால் வகுத்தால் 6,524. உங்கள் விடைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டதே. ‘ஆண்டு வட்டி’ என்றால் போதாதா?

கிருஷ்ணகிரி, வணிகக் கணித ஆசிரியை:

தம்பி, நடு ஆண்டு என்பதால்தான் கிட்டத்தட்ட வந்தது. அதே முறையில் முதல் 12 தவணைக்குப் போட்டுப் பாருங்கள். கட்டியது அதே 39,857, கடன் இறங்கியது 29,442, அப்போது வட்டி 10,416. கடைசி 12 தவணைக்கு வெறும் 2,474. தொடக்கத்தில் மீதி பெரிது, அதனால் வட்டியும் பெரிது. ‘ஆண்டு வட்டி’ என்று எழுதினால் பிள்ளைகளும் உங்களைப் போலவே மூன்றால் வகுத்துவிடுவார்கள்.

பென்னாகரம், உறுப்பினர்:

நான் நகைக்கடன் வைத்திருக்கிறேன், 14 மாதம் ஆகிறது, இந்த முறையில் பார்த்தால் வட்டி சரியாக வருமா? இதுவரை இரண்டு முறை வட்டி மட்டும் கட்டினேன்.

ஓசூர், மகளிர் குழுக் கணக்குகள் பார்ப்பவர்:

அண்ணா, உங்களுக்கு அசல் இறங்கவே இல்லை, கழிக்க ஒன்றும் இல்லை, அந்த இரண்டு முறையில் கட்டியது அத்தனையும் வட்டிதான். கேள்வி தவணைக் கடனைப் பற்றியது. ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. நடுவில் யாராவது கையில் பணம் வந்து பத்தாயிரம் கூடுதலாகக் கட்டியிருந்தால் அசல் இறக்கத்தில் அந்தப் பத்தாயிரமும் சேர்ந்துவிடும். அதைக் கட்டிய பக்கத்திலும் சேர்க்காமல் கழித்தால் வட்டி அவ்வளவும் குறைத்துக் காட்டும். தாமதக் கட்டணம் இருந்தால் நேர்மாறு, அது வட்டிக்குள் ஒளிந்துகொள்ளும்.

தருமபுரி, கணினி மொழியாக்கம் செய்பவர்:

சொல்லைவிட ‘இடையில்’ என்பதுதான் ஆபத்து. 12க்கும் 24க்கும் இடையில் என்றதும் விரல்விட்டு எண்ணி 13 தவணை என்பார்கள். 13ஐ 3,321.43 ஆல் பெருக்கி அதே 33,175ஐக் கழித்தால் 10,003 வரும். அது தப்பு என்று உடனே பிடிக்கலாம்: 12ஆம் தவணைக்குப் பிறகு மீதி 70,558, அது ஓராண்டு முழுக்க இறங்காமலே நின்றாலும் 12 விழுக்காட்டுக்கு 8,467 தான் ஆகும். அதற்கு மேல் எப்படிப் போக முடியும்? 12ஆம் தவணையையும் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் 11ஆம் தவணைக்குப் பின் இருந்த மீதியிலிருந்து (73,148) தொடங்க வேண்டும், அப்போது விடை 7,413. எக்செல்லில் சரிபார்க்க:

```
=CUMIPMT(0.01,36,100000,13,24,0)
```

தொடக்கம் 13 என்று கொடுப்பதைக் கவனியுங்கள். விடை -6681.69 என்று கழித்தல் குறியோடு வரும், கையைவிட்டுப் போகும் பணம் என்பதால்.

‘தவணையிடை’ எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் நடுவில் ஏறும் வட்டி போல ஒலிக்கிறது. ‘13–24 தவணை வட்டி’ என்று எண்ணோடே எழுதலாம், அது போதும்.

பாலக்கோடு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அசல் அரபுச் சொல். முதல் என்று தமிழில் இருக்க அதை ஏன் விட வேண்டும்?

தருமபுரி, கணினி மொழியாக்கம் செய்பவர்:

ஐயா, இந்தக் கணக்கில் மட்டும் முதல் நம்மைக் கவிழ்க்கிறது. ‘13 முதல் 24 வரை முதல் கழிவு’ என்று எழுதிவிட்டு நீங்களே ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கழிமுதலிலும் சிக்கல் உண்டு. நன்னூலில் ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்று படித்த பிள்ளை கழிமுதலை மிகுந்த முதல் என்று எடுத்துக்கொள்ளாதா?

கிருஷ்ணகிரி, வணிகக் கணித ஆசிரியை:

சரி, நேரமாகிவிட்டது, நாளைக்கு அச்சுக்குக் கொடுக்க வேண்டும். ‘மீதி அசல்’, ‘அசல் இறக்கம்’, ‘13 முதல் 24 வரையான தவணைகளின் வட்டி’ என்று போடுகிறேன். மூன்றாவது நீளம்தான், ஆனால் 12ஆம் தவணை சேருமா என்று யாரும் கையைத் தூக்க மாட்டார்கள். 8,467க்கு மேல் போனால் தப்பு என்ற சோதனையையும் தாளின் அடியில் சேர்த்துவிட்டேன்.

பாலக்கோடு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

போடுங்கள் அம்மா. கழி மிகலும் ஆகும் என்பது எனக்கும் தோன்றாமல் போயிற்று, கழிமுதலை விட்டுவிடுகிறேன். ஆனால் அசலுக்கு ஒப்ப மாட்டேன். ‘எஞ்சுமுதல்’ என்பதை யோசித்து வையுங்கள், அடுத்த தாளுக்குக் கேட்பேன்.