எல்டிஎல் இறங்கிவிட்டது, ட்ரைகிளிசரைடு 320: அடுத்து என்ன கேட்கலாம்?

லிப்பிட் ரிப்போர்ட் பார்த்துப் பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஸ்டாட்டின் சாப்பிடுகிறார். மொத்தக் கொலஸ்ட்ரால் 170, எச்டிஎல் 36, எல்டிஎல் 70, ட்ரைகிளிசரைடு 320 (எல்லாம் மி.கி./டெ.லி., வெறும் வயிற்றில்). சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருக்கின்றன.

மொத்தத்தில் எச்டிஎல், எல்டிஎல் இரண்டையும் கழித்தால் 64 மிச்சம். இதுதான் ரெம்னன்ட் கொலஸ்ட்ரால் என்கிறார்கள். ஆனால் இந்த லேபில் எல்டிஎல்லை அளக்கவில்லை, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 320-ஐ ஐந்தால் வகுத்தால் அதே 64! அப்படியானால் இது புதுத் தகவலே இல்லையே? நான்-எச்டிஎல் 134 என்பதைத்தான் நம்புகிறேன். அவருக்கு அது 100-க்குள் இருக்க வேண்டும்.

டாக்டர் ஃபெனோஃபைப்ரேட் சேர்க்கலாம் என்கிறார். எனக்குத் தயக்கம். 2022-இல் வந்த ப்ராமினென்ட் ஆய்வில், அதே வகை மருந்தான பெமாஃபைப்ரேட் ட்ரைகிளிசரைடையும் ரெம்னன்ட்டையும் நன்றாகவே குறைத்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. எல்டிஎல், ரெம்னன்ட் துகள்களில் இருக்கும் புரதமான அபோ-பி சற்று ஏறியது. அதாவது துகள்கள் ரத்தத்தை விட்டுப் போகவில்லை, கொழுப்பை இழந்து எல்டிஎல்லாக மாறியிருக்கலாம்.

ஒவ்வொரு துகளிலும் ஒரே ஒரு அபோ-பி என்பதால், முதலில் அதை அளந்து பார்க்கச் சொல்லலாமா? அது அதிகமாக இருந்தால், ஃபைப்ரேட்டுக்கு முன் எஸெடிமைப் கேட்பது சரியா? இதே நிலையில் உங்கள் டாக்டர் என்ன செய்தார், மறுபரிசோதனையில் நான்-எச்டிஎல் எவ்வளவு இறங்கியது என்று சொல்லுங்கள்.