கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ்: பைத்தானில் unexpected indent வந்த அனுபவங்கள்

மல்லிகைப்பந்தல்

நான் முதலாம் ஆண்டு வணிகவியல் மாணவி. பைத்தான் கற்கத் தொடங்கி மூன்று வாரங்களே ஆகின்றன. மதிப்பெண்களைக் கூட்டும் சிறிய நிரல் ஒன்றைத் தோழி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். அதன் முதல் வரி `marks = [72, 30, 90]`. நிரலை அப்படியே mark.py என்ற கோப்பில் ஒட்டி இயக்கியபோது, இரண்டாவது வரியில் இந்தப் பிழை வந்தது.

```
    total = 0
IndentationError: unexpected indent
```

இவ்வளவு எளிய வரியில் என்ன தவறு இருக்க முடியும் என்று ஒரு மணி நேரம் எழுத்துப்பிழை தேடினேன். கடைசியில் `t` என்ற எழுத்துக்கு முன்னால் கர்சரை வைத்து இடது அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினேன். வரி ஓரத்திலிருந்தே தொடங்கியிருந்தால் கர்சர் மேல் வரியின் இறுதிக்குப் போயிருக்க வேண்டும். அதுவோ அதே வரியில் ஓர் இடம் மட்டும் நகர்ந்து நின்றது. அங்கே ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்தது. அதை அழித்ததும் நிரல் ஓடியது. ஒரு ஸ்பேஸுக்காகப் பைத்தான் ஏன் நின்றுவிடுகிறது என்பது மட்டும் இன்னும் எனக்கு விளங்கவில்லை.

காவிரிக்கரை

எனக்கும் இதே பிழை பலமுறை வந்திருக்கிறது, தங்கை. இதற்குக் காரணம் எப்போதும் டேப்தான். டேப் விசையைத் தொடாமல் ஒவ்வொரு வரிக்கும் நான்கு ஸ்பேஸ் அடித்துப் பழகிவிட்டால் இந்தப் பிழை உங்கள் பக்கமே வராது. நான் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன்.

பழையநிரல்

காவிரிக்கரை சொல்லும் பழக்கம் நல்லது. ஆனால் அவர் சொல்லும் காரணம் இந்தப் பிழைக்குப் பொருந்தாது. மாணவியின் கோப்பில் டேப்பே இல்லை, இருந்தும் பிழை வந்தது. ஒரு வரி தனக்கு மேலுள்ள வரியைவிட உள்ளே தள்ளித் தொடங்க வேண்டுமானால், மேலே `for`, `if`, `def` போன்ற ஒன்று முக்காற்புள்ளியில் முடிந்து, அந்த உள்தள்ளலுக்கு இடம் திறந்து வைத்திருக்க வேண்டும். `marks = [72, 30, 90]` என்ற முதல் வரி எந்த இடத்தையும் திறக்கவில்லை. அதன் கீழே ஒரு ஸ்பேஸ் தள்ளி நின்றாலும் நாற்பது ஸ்பேஸ் தள்ளி நின்றாலும் பைத்தானுக்கு அது அனுமதியில்லாத உள்தள்ளல்தான். அதையே unexpected indent என்ற சொற்கள் குறிக்கின்றன.

தேடுவதற்கு ஒரு மணி நேரம் ஆனதற்கும் காரணம் உண்டு. பிழைச்செய்தியில் அச்சாகும் வரி உங்கள் கோப்பில் இருக்கும் வடிவில் வருவதில்லை. முன்னால் உள்ள வெற்றிடத்தை நீக்கிவிட்டு, எல்லா வரிகளுக்கும் ஒரே அளவு இடம் விட்டுத்தான் பைத்தான் அதைக் காட்டுகிறது. ஆகவே அந்தச் செய்தியைப் பார்த்து உள்தள்ளலை அளக்க முடியாது; கோப்பைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சோதனைக்காக `if` வரியை மட்டும் `#` போட்டு நிறுத்திவிட்டு, அதன் கீழ் உள்ள வரிகளைத் தள்ளிய நிலையிலேயே விட்டுவிடும் பலரை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் இதே பிழைதான் வரும். பிழை சுட்டும் வரி சரியாகவே இருக்கும். குறை அதற்கு மேல் வரியில் இருக்கும்.

நெய்தல்

என் அனுபவம் சற்று வேறானது. கோப்பில் சரியாக ஓடும் நிரலைப் பைத்தானின் `>>>` திரையில் வரிவரியாகத் தட்டச்சு செய்தேன். `for` பகுதிக்கு நடுவே, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று, கோப்பில் இருந்ததைப் போலவே ஒரு வெற்று வரி விட்டேன். உடனே unexpected indent வந்துவிட்டது. அந்தத் திரை வெற்று வரியைக் கண்டதும் `for` முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது என்பதும், கோப்பில் வெற்று வரிக்கு அந்தப் பொருள் இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தன. மாணவிக்கும் இப்படி நேர்ந்திருக்குமோ?

மல்லிகைப்பந்தல்

இல்லை அக்கா, நான் கோப்பில்தான் எழுதினேன். ஆனால் இன்று புதிய பிழை வந்திருக்கிறது. 35க்குக் குறைவான மதிப்பெண்களை எண்ணுவதற்காகத் தோழி அனுப்பிய இரண்டு வரிகளை ஒட்டிவிட்டு, அதன் கீழ் கூட்டல் வரியை நானே டேப் விசையை அழுத்தி எழுதினேன். எடிட்டரில் அந்த வரி `if`க்கு நேர் கீழே அழகாக நிற்கிறது. இருந்தும் பிழைச்செய்தி `TabError: inconsistent use of tabs and spaces in indentation` என்கிறது.

பழையநிரல்

காவிரிக்கரை குறிப்பிட்ட டேப் சிக்கல் இதுதான். லினக்ஸில் `cat -A mark.py` என்று கொடுத்தால் கோப்பின் உண்மை வடிவம் தெரியும். டேப் இருக்கும் இடத்தில் `^I` என்றும், வரி முடியும் இடத்தில் `$` என்றும் அச்சாகும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், உங்கள் கோப்பு இப்படி இருக்க வேண்டும்:

```
for m in marks:$
    if m < 35:$
        fail = fail + 1$
^Itotal = total + m$
```

உங்கள் எடிட்டர் ஒரு டேப்பை நான்கு இடங்களாகக் காட்டுவதால் கடைசி வரி `if`க்கு நேராகத் தெரிகிறது. டேப் எட்டு இடம் என்று வைத்திருக்கும் எடிட்டரில் அதே வரி `fail` வரிக்கு நேராக, `if`க்கு உள்ளே நிற்கும். இரண்டில் எதை நம்புவது என்று முடிவெடுக்கப் பைத்தான் 3 மறுத்துவிடுகிறது, அதனால்தான் TabError.

அப்படி மறுப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குப் பட்டறிவால் தெரியும். பைத்தான் 2 மறுக்காது. டேப்பை எட்டின் மடங்கு வரை நீட்டி, எதுவும் சொல்லாமல் ஓட்டிவிடும். இதே நான்கு வரிகளை அதில் இயக்கினால் கூட்டல் வரி `if`க்குள் போய்விடும். 72, 30, 90 ஆகிய மூன்றுக்கும் 192 வருவதற்குப் பதில், தோற்ற மதிப்பெண்ணான 30 மட்டுமே கூட்டுத்தொகையாக வரும். நான் பணிபுரிந்த ஓரிடத்தில் இந்த வகைப் பிழை ஓர் அறிக்கைக்குள் பல மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. எடிட்டரில் நிரல் சரியாகவே தெரிந்ததால், எல்லோரும் தரவில்தான் குறை இருக்கும் என்று தேடிக்கொண்டிருந்தோம்.

காவிரிக்கரை

நான் இரண்டு பிழைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது புரிகிறது. அப்படியானால் எல்லா டேப்பையும் ஸ்பேஸாக மாற்றிவிட்டால் போதும்தானே? விஎஸ் கோடில் `Convert Indentation to Spaces` என்ற கட்டளையே இருக்கிறது.

பழையநிரல்

மாணவியின் கோப்புக்குப் போதும். ஆனால் எடிட்டரில் டேப்பின் அகலம் நான்கு என்று இருப்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். `expand mark.py > mark2.py` என்று மட்டும் கொடுத்தால், mark2.py என்ற புதிய கோப்பில் அது டேப்பை எட்டு இடங்களாக விரிக்கும். கூட்டல் வரி `if`க்குள் போய்விடும். அப்போது பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும். `expand -t 4 mark.py > mark2.py` என்றால்தான் அவர் கண்ட வடிவம் கிடைக்கும். மாற்றிய பிறகு, கையால் கூட்டிப் பார்க்கக்கூடிய மூன்று எண்களை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணிலவு

எனக்குப் பார்வைக் குறைபாடு உண்டு. எழுத்தை மிகப் பெரிதாக்கித்தான் படிக்கிறேன். அந்த அளவில் நான்கு ஸ்பேஸ் திரையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. டேப்பாக இருந்தால் அகலத்தை இரண்டாகக் குறைத்துக்கொள்வேன். முழுவதும் டேப்பாலேயே எழுதிய கோப்புகளைப் பைத்தான் 3 எனக்கு இதுவரை மறுத்ததில்லை. ஆகவே டேப்பே கூடாது என்று கற்பிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழையநிரல்

நீங்கள் சொல்வது உண்மைதான்; பைத்தானுக்கு இரண்டும் ஒன்றே. நான்கு ஸ்பேஸ் என்பது பெப் 8 என்ற நடைக் கையேட்டின் பரிந்துரைதான். ஏற்கெனவே டேப்பில் இருக்கும் நிரலில் டேப்பையே தொடரலாம் என்று அதுவும் சொல்கிறது. ஆனால் பலர் சேர்ந்து எழுதும் கோப்பில், உங்கள் வசதிக்கும் மற்றவர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும் ஸ்பேஸுக்கும் இடையே எப்படி உடன்பாடு காண்பது என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

மல்லிகைப்பந்தல்

டேப்பை நான்கு ஸ்பேஸாக மாற்றிவிட்டேன், ஐயா. கூட்டுத்தொகை 192, தோல்வி 1 என்று வந்தது. தோழியின் மற்ற கோப்பு ஒன்றிலும் `^I` தெரிகிறது. அதை அவள் எந்த அகலத்தில் பார்த்து எழுதினாள் என்று கேட்டுவிட்டுத்தான் மாற்றப் போகிறேன்.