கோஷி சமன்பாட்டில் B சரியாக வருகிறது, A மட்டும் குறைகிறது: எங்கே தவறு?

நீலக்கோடு:
BK7 கண்ணாடி முப்பட்டகம், பாதரச விளக்கு, நிறமாலைமானி. ஒவ்வொரு கோட்டுக்கும் சிறும திசைமாற்றக் கோணத்தைத் தனித்தனியாக எடுத்து ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிட்டேன். மஞ்சள் இரட்டைக் கோட்டை 578 என்று ஒன்றாகவே எடுத்துக்கொண்டேன். பிறகு n = A + B/λ² என்று பொருத்தினேன்:

```python
import numpy as np
lam = np.array([0.4047, 0.4358, 0.5461, 0.578])  # µm
n = np.array([1.5246, 1.5208, 1.5130, 1.5115])
B, A = np.polyfit(1/lam**2, n, 1)
```

A = 1.4990, B = 0.00418 µm² என்று கிடைத்தது. கையேட்டில் 1.5046, 0.0042. புள்ளிகள் எல்லாம் நேர்கோட்டில் அழகாக உட்காருகின்றன. பிறகு A ஏன் இவ்வளவு கீழே?

கதிர்வீச்சு:
ஊதாவைத் தூக்கிவிட்டுப் பொருத்திப் பாருங்கள். அந்தக் கோடு மங்கல், குறுக்குக் கம்பியை அதன்மேல் வைப்பதே சிரமம். A என்பது முடிவிலி அலைநீளத்தில் வரும் n. ஓரத்துப் புள்ளி கொஞ்சம் பிசகினாலும் கோடு சாய்ந்து A-வைக் கெடுத்துவிடும்.

நீலக்கோடு:
செய்து பார்த்தேன். A = 1.4993, B = 0.00409. பெரிதாக மாறவில்லை.

அடர்கண்ணாடி:
எனக்கும் இதே தொல்லை இருந்தது. என்னுடையது அடர்த்தியான ஃபிளின்ட் முப்பட்டகம், ஊதாப் பக்கம் கோடு மேலே வளைந்தது. C/λ⁴ சேர்த்ததும் சரியாகிவிட்டது. நீங்களும் மூன்றாவது உறுப்பைச் சேருங்கள்.

பழைய வெர்னியர்:
உங்கள் சிக்கல் வளைவு. இவருடையதில் வளைவே இல்லை. நான்கு புள்ளிக்கு மூன்று மாறிலி வைத்தால் அளவீட்டுப் பிழையை C விழுங்கிவிடும், அவ்வளவுதான்.

நீலக்கோடு, உங்கள் n மதிப்புகளைக் கண்ணாடிப் பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 435.8-இல் 1.5267 இருக்க வேண்டும், உங்களுக்கு 0.0059 குறைவு. 546.1-இல் 1.5187, உங்களுக்கு 0.0057 குறைவு. அதாவது எல்லாப் புள்ளியும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருக்கிறது. B என்பது சாய்வு, நிறத்துக்கு நிறம் உள்ள வேறுபாடு. எல்லாம் சேர்ந்து இறங்கினால் அதற்குத் தெரியாது. இறக்கம் முழுவதும் A-வின் தலையில் விழும்.

இப்படி மொத்தமாக இறக்க இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். ஒன்று, நேர்க்கதிர் அளவீடு. முதன்மை அளவுகோலில் அரைப் பாகைக் கோட்டைத் தவறவிட்டால் எல்லா திசைமாற்றமும் 30′ குறையும், n சுமார் 0.0057 இறங்கும். இரண்டு, முப்பட்டகக் கோணம். உண்மையில் 59°30′ உள்ளதை 60° என்று போட்டாலும் n கிட்டத்தட்ட அதே அளவுதான் இறங்கும். A, B இரண்டையும் எவ்வளவு நேரம் பார்த்தாலும் எது குற்றவாளி என்று சொல்லாது. கோணத்தை அளந்தீர்களா?

நீலக்கோடு:
இல்லை. பெட்டியில் 60° என்று எழுதியிருந்ததை அப்படியே போட்டேன்.

பழைய வெர்னியர்:
முனையை இணையாக்கியின் பக்கம் திருப்பி, இரு முகங்களிலும் எதிரொளிக்கும் பிளவு பிம்பங்களைப் பிடியுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தில் பாதிதான் முப்பட்டகக் கோணம். அப்புறம் பச்சைக் கோட்டின் திசைமாற்றத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் எடுங்கள். இரண்டின் சராசரியில் நேர்க்கதிர் பிழை தானே கழிந்துவிடும்.

நீலக்கோடு:
அளந்தேன். பிம்பங்களுக்கு இடையே 119°0′, ஆக 59°30′. பச்சைக்கு இரு பக்கமும் 38°18′, 38°19′. நேர்க்கதிரில் குறை இல்லை, கோணம்தான். திருத்தியபின் A = 1.5044, B = 0.00425 µm². ஆனால் ஊதா இன்னும் பட்டியலைவிட 0.0003 அதிகமாகவே நிற்கிறது. அதை விட்டால் A = 1.5047, B = 0.00418.

கதிர்வீச்சு:
பார்த்தீர்களா, ஊதா கெட்டதுதான்! இப்போது முடிவிலி அலைநீளத்து n 1.5047 என்று எழுதிவிடலாம்.

பழைய வெர்னியர்:
ஊதாவைப் பற்றி நீங்கள் சொன்னது ஓரளவு சரியாக இருக்கலாம். 0.0003 என்பது ஒன்றரை நிமிடக் கோணம், மங்கலான கோட்டில் அது எளிதில் வரும். ஆனால் A-வுக்கு நீங்கள் தரும் பொருளை ஏற்க மாட்டேன். இதே கண்ணாடியின் n, 1.53 மைக்ரானிலேயே 1.5009. A-வைவிட அது கீழே போய்விட்டது, 2.3 மைக்ரானில் 1.49-க்கும் சற்றுக் கீழே. அகச்சிவப்பில் கண்ணாடி ஒளியை உறிஞ்சும் பட்டை n-ஐக் கீழே இழுக்கிறது, இந்தச் சமன்பாட்டுக்கு அதைக் காட்ட இடமே இல்லை. 0.4 முதல் 0.58 மைக்ரான் வரை அளந்ததை A, B சுருக்கிச் சொல்கின்றன. அதற்கு வெளியே நீட்டாதீர்கள்.

நீலக்கோடு:
சரி, அளந்த எல்லையையும் சேர்த்தே எழுதுகிறேன். ஊதாவை நாளை பிளவை இன்னும் குறுக்கி மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். வெளிச்சம் போதுமா என்றுதான் தெரியவில்லை.