உரத்தடை ஏன் நீங்கியது? ஒரே நிகழ்வை வைத்துச் சோதிக்கலாமா?

வந்தாறுமூலை மாணவி: இரசாயன உர இறக்குமதித் தடையை நீக்குவதாக இலங்கை அரசு 2021 நவம்பர் 24 அன்று அறிவித்ததற்கு விவசாயிகளின் போராட்டமே காரணம் என்று ஆய்வில் எழுதியிருக்கிறேன். காரணத்திலிருந்து விளைவுவரை நடந்ததைச் சான்றுகளோடு படிப்படியாகத் தேடும் செயன்முறைத் தடமறிதல் மூலம், இந்த ஒரு நிகழ்வை மட்டும் வைத்து இதைச் சோதிக்க முடியுமா?

கல்முனை வாசகர்: முடியாது தங்கச்சி. போராட்டம் வலுத்த மாவட்டங்களையும் அமைதியான மாவட்டங்களையும் ஒப்பிட்டுத்தான் காரணம் சொல்லலாம். என் கணிப்பில் பெரும்போக விளைச்சல் சரிந்ததே அரசைப் பணியவைத்தது.

களுவாஞ்சிக்குடி: தடை நாடு முழுவதற்கும் ஒன்றாகவே நீங்கியதால், மாவட்டங்களை ஒப்பிட்டால் எங்கே போராட்டம் வலுத்தது என்பது தெரியுமே தவிர, முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்பது தெரியாது. உங்கள் விளைச்சல் கதையைத் திகதியே வீழ்த்திவிடுகிறது: பெரும்போக அறுவடை 2022 தொடக்கத்தில்தான் வந்தது, அறிவிப்போ நவம்பரில். பின்னால் நடந்தது முன்னால் நடந்ததற்குக் காரணமாகாது. போராட்டக் கதை இந்தச் சோதனையில் தேறுகிறது, ஆனால் தேறியதாலேயே அது நிரூபணமாகிவிடாது.

அக்கரைப்பற்று விவசாயி: விளைச்சல் குறையவில்லை என்கிறீர்களா? எங்கள் வட்டையில் விதைத்து மூன்று வாரத்தில் யூரியா போடவேண்டிய பயிர், பசளை இல்லாமல் நுனி இலைவரை மஞ்சளித்து நின்றது. அறுவடை வரும்வரை காத்திருந்தா எங்களுக்கு நட்டம் தெரியவேண்டும்?

களுவாஞ்சிக்குடி: அண்ணன், குறைந்ததா இல்லையா என்பதல்ல கேள்வி, ஆனாலும் நீங்கள் சொன்னது எனக்கு எதிரான நல்ல சான்று. அறுவடை வராவிட்டாலும், வரப்போகும் நட்டத்தைப் பற்றிய அச்சம் நவம்பரிலேயே இருந்திருக்கிறது. அந்த அச்சம் கொழும்புக்கு எந்த வழியாகப் போனது என்பதைத்தான் மாணவி தேடவேண்டும். கமநல சேவை நிலையங்களின் அறிக்கைகள் வழியாகப் போயிருந்தால், வீதியில் யாரும் இறங்காமலே முடிவு மாறியிருக்கலாம். நவம்பருக்கு முந்திய கூட்டக் குறிப்புகளில் போராட்டம் பேசப்பட்டிருந்தால், அது மிக வலுவான சான்று. அப்படிக் கிடைக்காவிட்டாலும் கதை பொய்யாகாது, ஏனெனில் எல்லாப் பேச்சும் குறிப்பில் ஏறுவதில்லை.

கல்முனை வாசகர்: விளைச்சல் பற்றிச் சொன்னதை விட்டுவிடுகிறேன். அமைச்சர் ஊடகங்களிடம் விவசாயிகளுக்காகவே என்று சொன்னால் அது போதாதா?

களுவாஞ்சிக்குடி: உண்மைக் காரணம் எதுவாக இருந்தாலும் ஓர் அமைச்சர் அப்படித்தான் சொல்வார், ஆகையால் அந்தப் பேச்சுக்கு எடை குறைவு. எனக்கு அதைவிட உறுத்துவது, அக்டோபரிலேயே தேயிலைக்காக அமோனியம் சல்பேட் இறக்குமதிக்கு இடம் கொடுத்ததுதான். நெல் விவசாயிகளின் போராட்டம் உந்தியிருந்தால் தேயிலை ஏன் முந்தியது?

வந்தாறுமூலை மாணவி: தேயிலை டொலர் தரும் பயிர் என்பது ஒரு விளக்கம், சேர். ஆனால் நவம்பரில் டொலர் நெருக்கடி தணியவில்லை, முற்றியிருந்தது; அதனால் கையில் டொலர் வந்ததால் தடையை நீக்கினார்கள் என்றும் எழுத முடியாது. தனியாருக்கு இறக்குமதி அனுமதி கிடைத்ததே தவிர பழைய மானிய விலை திரும்பவில்லை. போராட்டத்தில் கேட்டது மானியப் பசளையா, வெறும் அனுமதியா என்பதை அக்கால மனுக்களில் முதலில் பார்க்கிறேன்.

அக்கரைப்பற்று விவசாயி: எங்கள் கமக்காரர் அமைப்பு கொடுத்த மனுவின் பிரதி என்னிடம் இருக்கிறது, மகள். திகதியோடு தருகிறேன்.