அம்மா துக்கத்தில் இருக்கிறார் என்றே நினைத்தோம்

மதுரை மகள்:
அம்மாவுக்கு 76 வயது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. இரண்டு நாள் நன்றாகப் பேசியவர் மூன்றாம் நாள் அப்படியே அடங்கிப் போனார். சாப்பாடு வேண்டாம், கூப்பிட்டால் அரைக்கண் திறந்து ஒரு "ம்". அப்பா போய் எட்டு மாதம்தான் ஆகிறது, அந்தத் துக்கம் என்று நினைத்தோம். டியூட்டி டாக்டரும் "மனச்சோர்வா இருக்கும், வயசும் ஆச்சு" என்றார். ராத்திரி போர்வையில் இல்லாத நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் என்னைத் தெரிந்து காபி கேட்டார். மத்தியானம் பழையபடி ஆகிவிட்டார்.

வார்டின் மூத்த சிஸ்டர் ஒருவர்தான், "போன வாரம் எப்படி இருந்தாங்க?" என்று கேட்டார். சீட்டுக் கணக்கே அம்மாதான் பார்ப்பார் என்றேன். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார். "சனி, வெள்ளி... வெள்ளி..." அதோடு கண் சொருகிவிட்டது. சிஸ்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. முந்தின நாள்தான் சிறுநீர்க் குழாயை எடுத்திருந்தார்கள். ஸ்கேனில் 800 மில்லி தேங்கியிருந்தது. அரிப்புக்குப் போட்டு வந்த ஃபெனிரமின் ஊசி சிறுநீரையும் தேக்கும், வயதானவர்களுக்குப் புத்தியையும் குழப்பும் என்றார்கள். துக்கம் இல்லை, உடம்புக் கோளாறால் வந்த திடீர்க் குழப்பம். அதை நிறுத்தினார்கள், குழாய் வைத்தார்கள், கண்ணாடியும் காதுக் கருவியும் மாட்டினோம். அதிலிருந்து மூன்றாம் நாள் அம்மா கேட்டது: "சீட்டுப் பணம் கட்டினியா?"

கோவை தம்பி:
இது யூரின் இன்ஃபெக்ஷன்தாங்க. எங்க பாட்டிக்கும் இப்படித்தான், ஆன்டிபயாடிக் போட்டதும் தெளிஞ்சுட்டாங்க. முதல்ல அதைக் கேளுங்க.

வார்டு நர்ஸ், 19 வருடம்:
தம்பி சொல்வது சில பேருக்குச் சரி. ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாத முதியவர்களின் சிறுநீரிலும் கிருமி இருக்கும். அதைப் பார்த்ததும் தேடலை நிறுத்தினால் மலச்சிக்கல், சோடியம் குறைவு, வலி, புதிய மருந்து எல்லாம் தப்பிவிடும்.

சத்தம் போட்டு, குழாயைப் பிடுங்குகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சும்மா படுத்திருப்பவரைத்தான் விட்டுவிடுகிறோம். மனச்சோர்வில் இருப்பவர் மெதுவாகப் பதில் சொல்வார், "தெரியாது" என்பார், ஆனாலும் நாம் பேசுவது அவர் மனதில் நிற்கும். திடீர்க் குழப்பத்தில் கவனமே நிற்காது, மணிக்கு மணி மாறும்.

திருச்சி சுந்தரம்:
என் அப்பா மூன்று வருடமாகச் சாவியை வைத்த இடம் மறக்கிறார், கேட்டதையே கேட்கிறார். இதுவும் அதுதானா?

வார்டு நர்ஸ், 19 வருடம்:
இல்லை ஐயா. வருடக் கணக்கில் மெல்ல வருவது வேறு. மறதி நோயா என்று நிதானமாகப் பரிசோதிக்கலாம். ஆனால் மறதி உள்ளவருக்கே திடீர்க் குழப்பம் அதிகம் வரும். அவரை அட்மிட் செய்தால், வழக்கமாக எப்படி இருப்பார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். "எப்பவும் இப்படித்தான்" என்று யாராவது எழுதிவிட்டால் அப்புறம் யாரும் தேடமாட்டார்கள்.

சேலம் மருமகள்:
என் மாமியாருக்கு நிமோனியா சரியாகி ஆறு வாரம் ஆகிறது. பகலில் பரவாயில்லை, பொழுது சாய்ந்தால் இறந்துபோன தங்கையைத் தேடுகிறார். இது போய்விடுமா, மறதி நோய் ஆரம்பித்துவிட்டதா?

வார்டு நர்ஸ், 19 வருடம்:
சிலருக்குத் தெளிய மாதங்கள் ஆகும் அம்மா. முன்பே இருந்த மறதி இப்போது வெளியே தெரிவதும் உண்டு. இப்போதே பிரித்துச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொண்டாரா?

சேலம் மருமகள்:
கடைசி ஒரு வருடமாக நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.